நின்றால் விதைப்பை இழுக்கிறது, வீங்குகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவில் ஆண் செவிலியராக வேலை பார்க்கிறேன். மருத்துவர் முன்னால் "லேசா வலி" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளியே வந்து என்னிடம் முழுவதையும் கேட்பவர்கள் அதிகம். அவர்கள் கேட்கும் விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

நாள் முழுக்க நின்னா சாயங்காலம் இடது பக்கம் கீழே இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு. காலையில ஒண்ணும் இல்ல. இது என்ன?

இளம் வயதில் இப்படிச் சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் வேரிகோசீல் இருக்கும். விதையிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் விரிந்து சுருண்டுகிடக்கும் நிலை அது. வலி குத்தாது, கனமாக இழுக்கும். நிற்க நிற்க ஏறும், படுத்தால் குறையும்.

இன்னொன்று ஹைட்ரோசீல், அதாவது விதையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது. இதில் பெரும்பாலும் வலியே இருக்காது. பை பெரிதாகிக் கனம் கூடும்போதுதான், நடந்தாலும் நின்றாலும் அந்த எடையால் இழுப்பு தெரியும். மூன்றாவதாகக் குடலிறக்கத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நின்றால் இறங்கும், படுத்தால் ஏறும்.

நிக்கும்போது மட்டும் ஏன் வருது? அதுவும் ஏன் இடது பக்கமே?

விதையிலிருந்து வரும் ரத்தம் வயிற்றின் பின்பக்கம் வரை மேல்நோக்கி ஏற வேண்டும். திரும்பி இறங்காமல் இருக்க வழியில் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு பழுதானால் ஏறிய தண்ணீர் கீழேயே இறங்கிவிடும் அல்லவா, அதேதான் இங்கேயும் நடக்கிறது. வால்வு சரியாக மூடாதபோது, நாம் நிற்கும் நேரமெல்லாம் மேலேயுள்ள ரத்தத்தின் பாரம் முழுவதும் விதைக்கு மேலுள்ள மெல்லிய சிரைக் கொத்தின் மீது இறங்குகிறது. அந்தச் சுவர்கள் இழுபட்டு விரிவதுதான் சாயங்கால வலி. படுத்துவிட்டால் மேலேற வேண்டிய உயரமே இல்லை, தேங்கிய ரத்தம் வடிந்துவிடுகிறது.

இடது பக்கம் வருவதற்கு உடலின் அமைப்பே காரணம். வலது விதைச் சிரை, வயிற்றின் பெரிய சிரையில் சாய்வாகப் போய்ச் சேருகிறது. இடது சிரையோ இடது சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது. வலதைவிட 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமும் அதிகம். அதனால் வேரிகோசீல் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இடது பக்கம்தான் இருக்கும்.

தண்ணி எங்கிருந்து வருது? நான் தண்ணி நிறைய குடிக்கிறதாலயா?

குடிக்கும் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிலர் பயந்துபோய்த் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள், அது வேண்டாம்.

விதையைச் சுற்றி இரண்டு அடுக்குள்ள மெல்லிய சவ்வுப் பை இருக்கிறது. விதை உராயாமல் வழுக்கி நகர, அந்த அடுக்குகளுக்கு நடுவே எல்லா ஆண்களுக்கும் கொஞ்சம் நீர் உண்டு. சவ்வு அதைச் சுரக்கும், அதுவே உறிஞ்சவும் செய்யும். சுரப்பு கூடினாலோ உறிஞ்சுவது குறைந்தாலோ நீர் தேங்குகிறது. அடிபட்டது, விதையில் தொற்று, யானைக்கால் கிருமி, முன்பு நடந்த அறுவை சிகிச்சை எல்லாம் காரணமாகலாம். ஆனால் நடுவயதில் வருபவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் எதுவும் தென்படாது.

எனக்கு இருக்கிறது சிரையா, தண்ணியா? வீட்டிலயே தெரிஞ்சுக்க வழி இருக்கா?

ஓரளவு தெரிந்துகொள்ளலாம். வெந்நீரில் குளித்த பிறகு பாருங்கள், அப்போது பை தளர்ந்திருக்கும். நேராக நின்று, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விதையின் மேல்பகுதியை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். வேரிகோசீல் என்றால் விதைக்கு மேலே நெளிநெளியாக, மிருதுவாக ஒரு கொத்து தட்டுப்படும். அதைப் பிடித்தபடியே மூச்சை அடக்கி, மலம் கழிக்க முக்குவதுபோல முக்கினால் அது விரலுக்குள் இன்னும் புடைக்கும். விதை தனியாக, தெளிவாகத் தெரியும்.

ஹைட்ரோசீலில் நேர்மாறு. நீர் விதையைச் சூழ்ந்திருப்பதால், நீர் நிறைய இருந்தால் விதையே கைக்குத் தட்டுப்படாது. பை வழவழப்பாக, ஒரே உருண்டையாக இருக்கும். முக்கினாலும் மாறாது. அந்த உருண்டைக்கு மேலே விரல்களைச் சேர்த்தால், வீக்கம் அங்கேயே முடிந்துவிட்டது தெரியும். குடலிறக்கத்தில் அப்படி முடியாது. வீக்கம் தொடை இடுக்குக்குள் ஏறிக்கொண்டே போகும், இருமினால் விரலில் வந்து மோதும்.

அடுத்து, பத்து நிமிடம் மல்லாந்து படுத்துவிட்டு மறுபடி தொட்டுப் பாருங்கள். எங்கள் பிரிவில் மருத்துவர்கள் முதலில் செய்வதும் இதுதான், நிற்க வைத்துப் பார்ப்பார்கள், பிறகு படுக்க வைத்துப் பார்ப்பார்கள். சிரைக் கொத்து படுத்ததும் காணாமல் போகும், அல்லது பாதியாகச் சுருங்கும். நீர் அப்படியே இருக்கும். படுத்தும் அடங்காத சிரைக் கொத்து வேறு விஷயம், அதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

டார்ச் அடிச்சா சிவப்பா தெரிஞ்சா தண்ணிதான்னு முடிவு பண்ணிடலாமா?

இருட்டறையில் பையின் பின்பக்கம் டார்ச்சை ஒட்டி வைத்தால், தெளிவான நீர் இருக்கும்போது பை முழுக்கச் செம்மஞ்சளாக ஒளிரும். விதை மட்டும் நிழலாகத் தெரியும். நல்ல அறிகுறிதான், ஆனால் முடிவு அல்ல. பல வருடம் ஆன ஹைட்ரோசீலில் சவ்வு தடித்திருக்கும், உள்ளே ரத்தமோ நிணநீரோ கலந்திருக்கலாம். அப்போது நீர் இருந்தும் ஒளிராது. கைக்குழந்தைகளுக்குக் குடல் இறங்கியிருந்தாலும் ஒளிரும், ஏனென்றால் அதன் சுவர் அவ்வளவு மெல்லியது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. விதையில் கட்டி வந்தாலும் சில நேரம் சுற்றிலும் நீர் கோக்கும். டார்ச்சில் ஒளிர்ந்தது, தண்ணீர்தான் என்று நிம்மதியாக இருந்துவிட்டால் கட்டி மறைந்தே இருக்கும்.

டாக்டர் கையிலயே பாத்துட்டார். அப்புறம் ஸ்கேன் எதுக்கு?

ஹைட்ரோசீலுக்கு, மேலே சொன்ன காரணத்துக்காகவே. கைக்கு எட்டாத விதையைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். வேரிகோசீலுக்கு டாப்ளர் ஸ்கேன் இரண்டு விஷயம் சொல்லும்: சிரையின் அகலம், முக்கும்போது ரத்தம் பின்னோக்கி ஓடுகிறதா என்பது. பொதுவாக 3 மில்லிமீட்டரைத் தாண்டிய அகலமும் பின்னோட்டமும் சேர்ந்திருந்தால் வேரிகோசீல் என்று எழுதுவார்கள். படுக்க வைத்து மட்டும் எடுத்த ஸ்கேனில் இது தப்பிப் போகலாம். அதனால் "நிக்கும்போதுதான் சார் வலி" என்று ஸ்கேன் எடுப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் "மிகச் சிறிய ஹைட்ரோசீல்" என்றோ, கைக்குத் தெரியாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும் வேரிகோசீல் என்றோ இருந்தால் பதற வேண்டாம். முதலாவது பல நேரம் இயல்பாக இருக்க வேண்டிய நீர்தான். இரண்டாவதற்கு அறுவை சிகிச்சையால் பயன் இல்லை என்பதே பொதுவான மருத்துவ நிலைப்பாடு.

ஆபரேஷன் இல்லாம வலி குறையுமா?

வேரிகோசீலில் விரிந்த சிரை எந்த மாத்திரைக்கும் தைலத்துக்கும் சுருங்காது. ஆனால் வலியைக் குறைக்க முடியும், பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

துணிக்கடையில் வேலை பார்க்கும் 26 வயதுத் தம்பி ஒருவரின் கதையைச் சொல்கிறேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை நிற்பார். நாலு மணிக்கு இழுப்பு தொடங்கும், கடை மூடும்போது கைலி மாற்றிக்கொண்டு படுக்கத்தான் தோன்றும். லீவு நாளில் வலியே இல்லை. பரிசோதனையில் நிற்கும்போது இடது பக்கக் கொத்து கைக்குத் தெரிந்தது, படுத்ததும் அடங்கியது. ஸ்கேனில் 3.6 மில்லிமீட்டர், பின்னோட்டம் உண்டு. இரண்டு விதையும் ஒரே அளவு. மருத்துவர் மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

அந்த மூன்று மாதத்தில் மாற்றியது சில விஷயங்கள்தான். தளர்ந்துபோன பாக்ஸரை விட்டுவிட்டு, விதைப்பையைக் கீழிருந்து தாங்கும் இறுக்கமான ஜட்டி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்காருவது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குடோனில் கால் மணி நேரம் மல்லாந்து படுப்பது. பண்டலைத் தனியாகத் தூக்காமல் இன்னொருவரோடு சேர்ந்து தூக்குவது. மலச்சிக்கலுக்கு வைத்தியம், ஏனென்றால் முக்குவதும் அதே சிரையில் அழுத்தத்தை ஏற்றும். வலி கடுமையான நாளில் மட்டும் பாராசிட்டமால். மூன்றாவது மாத முடிவில் வலி நாலு மணிக்குப் பதில் இரவு எட்டு மணிக்கு மேல்தான் எட்டிப்பார்த்தது. "இது போதும்ணா" என்று சொல்லிவிட்டார். வருடம் ஒருமுறை விதையின் அளவைப் பார்க்க வருகிறார்.

உட்கார முதலாளி விடுவாரா என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் கொண்டுவந்த திருத்தம், ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்கிறது. தயங்காமல் கேட்கலாம்.

ஹைட்ரோசீலுக்கும் இதே ஜட்டி கனத்தைத் தாங்கும். ஆனால் பெரியவர்களுக்குக் கோத்த நீர் அநேகமாகத் தானாக வற்றாது. தொந்தரவு இல்லை என்றால், ஸ்கேனில் விதை நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, அப்படியே விட்டுவிடவும் செய்யலாம்.

ஊசி போட்டுத் தண்ணியை எடுத்துட்டா போதாதா? எதுக்குக் கத்தி?

எடுத்த அன்று பை சின்னதாகிவிடும். ஆனால் சுரக்கும் சவ்வு உள்ளேயே இருக்கிறது, சில வாரங்களிலோ மாதங்களிலோ நீர் திரும்பச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு முறை குத்தும்போதும் உள்ளே ரத்தம் கசியவோ கிருமி புகவோ வாய்ப்பு உண்டு. இரண்டு மூன்று முறை குத்திய பைகளில் சவ்வு தடித்து ஒட்டிக்கிடப்பதால், பிற்பாடு செய்யும் ஆபரேஷனும் சிரமமாகிறது.

மயக்க மருந்து தாங்காத வயதானவர்களுக்கு மட்டும் இந்த வழி பொருந்தும். ஸ்கேன் எடுக்காமல் யாராவது ஊசி போட வந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். உள்ளே இறங்கியிருப்பது குடலாக இருந்தால், ஊசி குடலில் இறங்கும்.

ஆபரேஷன்ல என்ன செய்வாங்க?

வேரிகோசீலுக்குத் தொடை இடுக்கில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறல் போட்டு, நுண்ணோக்கி வழியாகப் பார்த்து, விரிந்த சிரைகளை ஒவ்வொன்றாகக் கட்டி வெட்டிவிடுவார்கள். விதைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் தொடாமல் விடுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. ரத்தம் வேறு நல்ல சிரைகள் வழியாகத் திரும்பிக்கொள்ளும். லேப்ராஸ்கோப்பி மூலமும் செய்கிறார்கள். சில பெரிய மருத்துவமனைகளில் கத்தியே இல்லாமல், சிரைக்குள் மெல்லிய குழாயை விட்டுச் சுருள்கம்பி வைத்து அடைப்பதும் உண்டு.

ஹைட்ரோசீலில் விதைப்பையைத் திறந்து நீரை வடித்து, சவ்வை வெட்டி எடுப்பார்கள், அல்லது உள்வெளியாகத் திருப்பித் தைத்துவிடுவார்கள். அதன் பிறகு சுரக்கும் நீர் தேங்க இடமில்லாமல், சுற்றியுள்ள திசுக்களே உறிஞ்சிக்கொள்ளும். விதையை எடுத்துவிடுவார்களோ என்று மனைவிமார்கள்தான் அதிகம் பயப்படுகிறார்கள். எடுப்பதில்லை.

ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. இன்னும் வீங்கித்தான் இருக்கு. தண்ணி திரும்ப வந்துடுச்சா?

ஹைட்ரோசீல் ஆபரேஷனுக்குப் பிறகு பை தடித்து வீங்கியிருப்பது வழக்கம். முழுதாக வடிய ஒன்றிரண்டு மாதம் ஆகும். தாங்கும் ஜட்டியை விடாதீர்கள், ஒரு மாதம் பளு தூக்காதீர்கள். காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, திடீரென்று பெருத்துக் கறுத்துப்போவது என்று எதுவானாலும் அன்றைக்கே வந்துவிடுங்கள்.

வேரிகோசீல் ஆபரேஷனுக்குப் பிறகு, மாதக்கணக்கில் கழித்துப் புதிதாக வழவழப்பான வீக்கம் வந்தால், நிணநீர்க் குழாய்கள் அடிபட்டு ஹைட்ரோசீல் உருவாகியிருக்கலாம். முந்தைய பதிலில் அவற்றைத் தொடக் கூடாது என்று சொன்னது இதனால்தான். நுண்ணோக்கி வைத்துச் செய்யும்போது இது அரிது. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நின்றால் ஏறி, படுத்தால் குறையும் மந்தமான வலிதான் ஆபரேஷனுக்கு நன்றாகக் கேட்கும். சுருக்கென்று குத்துகிற, தொடைக்கும் முதுகுக்கும் ஓடுகிற வலிக்கு இடுப்பெலும்போ சிறுநீரகக் கல்லோ காரணமாக இருக்கலாம். சிரையைக் கட்டினாலும் அது போகாது.

எனக்குக் குழந்தை பிறக்காதா? ஆண்மை போயிடுமா?

விறைப்புக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. குழந்தை விஷயத்தில், ஏறக்குறைய நூறு ஆண்களில் பதினைந்து பேருக்கு வேரிகோசீல் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே தகப்பனாகிறார்கள். ஆனால் குழந்தையின்மைக்காக வரும் ஆண்களைப் பார்த்தால், மூன்றில் ஒருவருக்கு மேல் இது இருக்கிறது. தேங்கும் ரத்தம் விதையின் சூட்டைக் கூட்டி விந்தணு உற்பத்தியைக் கெடுக்கிறது என்பது முக்கியமான விளக்கம்.

கைக்குத் தெரியும் வேரிகோசீலும், விந்துப் பரிசோதனையில் குறையும், குழந்தைக்காக ஒரு வருடம் முயன்றும் பலிக்காததும் சேர்ந்திருந்தால் ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். அதனால் ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை. ஒரு மாதத்திலேயே லேபுக்கு ஓடி, "ஒண்ணும் மாறல" என்று மனம் உடைந்து வருபவர்களைப் பார்க்கும்போது கஷ்டமாக இருக்கிறது. மனைவிக்கான பரிசோதனையும் கூடவே நடக்கட்டும்.

எங்க ஊர்ல இதை யானைக்கால் நோய்னு சொல்றாங்க. உண்மையா?

சில ஹைட்ரோசீல்களுக்கு உண்மை. யானைக்கால் நோயின் புழு, க்யூலெக்ஸ் கொசு மூலம் உடலில் புகுந்து நிணநீர்க் குழாய்களில் தங்கிவிடும். ஆண்களுக்கு அது விதைப்பையைச் சுற்றியுள்ள குழாய்களைத்தான் அதிகம் தாக்குகிறது. கால் வீங்காமல் விரைவீக்கம் மட்டும் வருவது சாதாரணம். இந்தக் கிருமியின் குஞ்சுகள் நம் பகுதியில் இரவில்தான் ரத்தத்தில் உலவும். அதனால்தான் ரத்தம் எடுப்பவர்கள் இரவு பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வருகிறார்கள். டிஇசி மாத்திரை கிருமியைக் குறைக்கும், பரவாமல் தடுக்கும். ஏற்கெனவே பெருத்துவிட்ட ஹைட்ரோசீலை அது வற்றவைக்காது, அதற்கு ஆபரேஷன்தான்.

இலங்கையில் யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அறிவித்தது. அங்கேயும் பழைய நோயால் விரைவீக்கத்தோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். வேரிகோசீலுக்கும் கொசுவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஆறு மாசக் குழந்தைக்குப் பை வீங்கியிருக்கு. உடனே ஆபரேஷனா?

வயிற்றிலிருந்து விதை இறங்கி வந்த பாதை மூடாமல் இருப்பதால், வயிற்று நீர் கசிந்து இறங்குவது இது. காலையில் சின்னதாகவும் மாலையில் பெரிதாகவும் தெரியலாம். பெரும்பாலும் ஒன்று, இரண்டு வயதுக்குள் தானே மூடிக்கொள்ளும், அதுவரை பொறுக்கலாம். குழந்தை விடாமல் அழுது, வாந்தி எடுத்து, வீக்கம் கெட்டியாக இருந்தால் குடல் மாட்டியிருக்கலாம். அப்போது பொறுக்கக் கூடாது.

எப்பவும் வர்ற வலிதானே, காலையில பாத்துக்கலாம்னு இருந்தா ஆபத்து உண்டா?

எப்போதும் வரும் வலி என்றால் இல்லை. ஆனால் திடீரென்று, சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும் வலி, கூடவே வாந்தி, ஒரு விதை மேலே ஏறிக்கொண்ட மாதிரி இருப்பது: இது விதை முறுக்கிக்கொண்டதன் அடையாளம். ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால்தான் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. வேரிகோசீல் இருப்பவருக்கும் இது வரலாம், பழைய வலி என்று படுத்துவிடாதீர்கள். பதின்ம வயதுப் பையன்கள் கூச்சத்தில் "வயிறு வலிக்குது" என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

காய்ச்சல், சிறுநீர் எரிச்சலோடு வலி என்றால் தொற்று, அன்றைக்கே காட்டுங்கள். வலியே இல்லாமல் விதையிலேயே கல்போல ஒரு கட்டி தட்டுப்பட்டால், அந்த வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

எங்க அப்பாவுக்கு 58 வயசு. இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. ரெண்டு மாசமா வலது பக்கம் சிரை புடைச்சிருக்கு. படுத்தாலும் போகல. வயசானா வருமா?

வேரிகோசீல் பெரும்பாலும் வயதுக்கு வரும் பருவத்தில் தொடங்குவது. 58 வயதில் புதிதாக, அதுவும் வலது பக்கம் மட்டும், படுத்தும் அடங்காமல் இருந்தால், வால்வு பழுதை விட்டுவிட்டு மேலே எங்கே அடைப்பு என்று தேட வேண்டும். சிறுநீரகத்தில் கட்டி வந்து சிரையை அழுத்தினாலோ சிரைக்குள் வளர்ந்தாலோ, ரத்தம் மேலே போக வழியில்லாமல் கீழே தேங்கும். இடது பக்கமே என்றாலும், இந்த வயதில் திடீரென்று வந்தால் இதே சந்தேகம்தான்.

விதைப்பை ஸ்கேனோடு நிறுத்தாமல், வயிற்றையும் சிறுநீரகங்களையும் சேர்த்து ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். சிறுநீரில் ரத்தம் வந்ததா, எடை குறைந்ததா, விலாவுக்குக் கீழே வலி உண்டா என்று அப்பாவிடம் கேட்டு, மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லை என்றாலும் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே கூட்டிப்போங்கள்.